மேல்தட்டுப் பத்து சதவீதத்தின் பங்கு: விடை தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

மாசி பிறந்தால் போதும், சேலத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஆய்வேட்டுக் கட்டுகள் வரத் தொடங்கிவிடும். முதுகலைப் பொருளியல் பிள்ளைகள், ஏற்காட்டு மலையூர்களில் வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர்கள். கேட்பதும் எழுதுவதும் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். கடைசியில் "மேல் பத்து சதவீத வீடுகள் மொத்த வருமானத்தில் எவ்வளவு வைத்திருக்கின்றன" என்ற ஒரே ஒரு எண்ணில் தடுமாறுவார்கள். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: தப்பான விடையே தப்பு எங்கே என்று சொல்லிவிடும். 60 வந்தால் ஒரு தப்பு, 2.75 வந்தால் வேறொரு தப்பு, 28 வந்தால் இன்னொன்று. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சரியான கணக்கு கையில் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு மாணவி கொண்டுவந்த தாளின் அமைப்பை வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் வசதிக்காக நானே போட்டிருக்கிறேன். மலையில் ஒரு ஊர், 20 வீடு. காபித் தோட்டக் கூலி, கொஞ்சம் மிளகுக் கொடி வைத்திருப்பவர், ஜீப் ஓட்டுபவர், ஒரு ஆசிரியர், தங்கும் விடுதி நடத்துபவர் என்று கலந்து இருக்கிறார்கள். மாத வருமானம், ஆயிரம் ரூபாயில், சிறியதிலிருந்து பெரியதாக:

5, 6, 7, 8, 8, 9, 10, 10, 11, 12, 12, 13, 14, 15, 16, 20, 26, 38, 60, 100

மொத்தம் 400. இப்போது கீழிருந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டு வீடு, அதாவது கீழ் 10 சதவீதம், 11 ஆயிரம் வாங்குகிறது. 400-இல் அது 2.75 சதவீதம். முதல் நான்கு வீட்டுக்கு 26 ஆயிரம், 6.5 சதவீதம். இப்படியே போனால் இந்த அட்டவணை வரும்:

| கீழிருந்து வீடுகள் (%) | வருமானக் குவிவுப் பங்கு (%) |
|---|---|
| 10 | 2.75 |
| 20 | 6.5 |
| 30 | 10.75 |
| 40 | 15.75 |
| 50 | 21.5 |
| 60 | 27.75 |
| 70 | 35 |
| 80 | 44 |
| 90 | 60 |
| 100 | 100 |

கீழ் 90 சதவீத வீடுகள் சேர்ந்து 60 வாங்குகின்றன. மீதி 40. அதுதான் மேல் பத்து சதவீதத்தின் பங்கு. கடைசி இரண்டு வீட்டை நேராகக் கூட்டிப் பார்த்தாலும் 60-உம் 100-உம் 160. 400-இல் 40 சதவீதம். இந்த அட்டவணையைப் படமாக வரைந்தால் அதுதான் லாரன்ஸ் வளைகோடு. 1905-இல் மாக்ஸ் லாரன்ஸ் என்ற அமெரிக்கர் போட்டுக் காட்டியது.

விரிதாளில் செய்பவர்கள், A பத்தியில் வருமானத்தை ஏறுவரிசையில் வைத்து, இரண்டாம் வரியிலிருந்து இப்படிப் போட்டு கீழே இழுத்தால் போதும்:

```
B2:  =(ROW()-1)/COUNT($A$2:$A$21)
C2:  =SUM($A$2:A2)/SUM($A$2:$A$21)
விடை: =1-INDEX(C2:C21, MATCH(0.9, B2:B21, 0))
```

அறிகுறி: விடை 60 என்று வருகிறது, கேட்பவர் வாய் பிளக்கிறார்

"சார், எங்க ஊர்ல மேல்தட்டு மட்டும் அறுபது சதவீதம் வாங்குது சார்" என்று ஒரு பையன் பெருமையாகவே சொன்னான். அட்டவணையில் 90 என்ற வரிக்கு எதிரே இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருந்தான். அந்த 60, கீழே இருக்கும் 18 வீட்டுடையது. 100-இலிருந்து கழிக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

இந்தத் தப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்றத்தாழ்வு குறையக் குறைய, இந்தத் தப்பான விடை பெரிதாகிக்கொண்டே போகும். எல்லா வீடும் ஒரே வருமானம் வாங்கும் ஊரில் 90 என்று வந்து நிற்கும். அதனால் இரண்டு ஊரை ஒப்பிட்டவர்கள், சமமான ஊரை மோசமான ஊர் என்று எழுதிவிடுவார்கள். விடை 50-க்கு மேல் வந்தாலே, கழித்தோமா என்று ஒரு தடவை பாருங்கள்.

அறிகுறி: விடை பத்துக்கும் கீழே

இது நடக்கவே நடக்காது. மேலே இருக்கும் பத்து சதவீத வீடுகள் குறைந்தபட்சம் 10 சதவீதமாவது வாங்கியே தீர வேண்டும். எல்லாரும் சமம் என்றால்தான் அந்த 10-உம். அதனால் 2.75 என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், தப்பு. ஆனால் அந்த 2.75-க்கு இரண்டு வழி இருக்கிறது, எது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, அட்டவணையில் 10 என்ற வரியைப் படித்தது. அது கீழ்த்தட்டின் பங்கு. இன்னொன்று, வருமானத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிவிட்டு, சூத்திரத்தை மட்டும் சரியாகப் போட்டது. அப்போது 90 என்ற வரியில் 97.25 இருக்கும், கழித்தால் அதே 2.75. எது என்று கண்டுபிடிக்க 50 என்ற வரியைப் பாருங்கள். அங்கே 50-க்குக் குறைவாக இருந்தால் அடுக்கியது சரி, படித்த வரிதான் தப்பு. 50-க்கு மேல் இருந்தால், நம் கணக்கில் 78.5 வரும், தலைகீழாக அடுக்கியிருக்கிறீர்கள். படம் வரைந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: மூலைவிட்டத்துக்கு மேலே வளைகோடு குடை மாதிரி நிற்கும். சரியாக வரைந்தால் அது எப்போதும் கீழே தொட்டில் மாதிரி தொங்க வேண்டும்.

தலைகீழாக அடுக்கியவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அந்த அட்டவணையில் 10 என்ற வரிக்கு எதிரே இருப்பதே விடை. 40 அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அறிகுறி: கடைசி வரியில் வீடுகள் 105 சதவீதம்

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கே அரை மணி நேரம் ஆனது. ஏறுவரிசை சரி, சூத்திரம் சரி, கண்ணுக்குப் பட்டியலும் சரி. ஆனால் B பத்தியின் கடைசியில் 1-க்குப் பதில் 1.0526. C பத்தியில் பத்தொன்பதாவது வரியிலேயே 1 வந்துவிட்டது, இருபதாவது வரியிலும் அதே 1. விடை இருக்க வேண்டிய கட்டத்தில் #N/A.

காரணம் கடைசிக் கட்டம். மற்ற வீட்டுக்கெல்லாம் 38, 60 என்று எண் போட்ட பெண், விடுதிக்காரர் வீட்டுக்கு வந்ததும் "1 லட்சம்" என்று எழுத்தில் தட்டியிருக்கிறாள். அவர் அப்படித்தான் சொன்னார், இவளும் அப்படியே எழுதினாள். விரிதாளுக்கு அது எண் அல்ல, சொல். SUM அதைக் கூட்டாது, COUNT அதை எண்ணாது. ஆனால் அடுக்கும்போது எண்களெல்லாம் முதலில், சொற்கள் அதற்கப்புறம் என்பதால், அது சமர்த்தாகக் கடைசியில் போய் நிற்கும். பார்ப்பவருக்குப் பெரிய வருமானம் கடைசியில் இருப்பதாகவே தோன்றும். மொத்தம் 400-க்குப் பதில் 300; ஊரிலேயே பணக்கார வீடு கணக்கிலேயே இல்லை.

பொதுவாக இந்தச் சிக்கல் மேல் வீடுகளுக்குத்தான் வரும். "ரூ." சேர்ப்பது, "லட்சம்" என்று எழுதுவது, "சுமார்" போடுவது எல்லாம் பெரிய தொகைக்கு நேரும்போதுதான். மேல்தட்டுப் பங்கைக் கணக்கிடும் வேலையில் மேல்தட்டே காணாமல் போகிறது. சில பேர் #N/A போக வேண்டும் என்று MATCH-இன் கடைசி 0-வை 1 ஆக்கிவிடுவார்கள். அப்போது பிழைச் செய்தி மறைந்து 32.7 என்று ஒரு விடை வரும். பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. #N/A வந்தால் அதை மறைக்காதீர்கள். `=COUNT(A2:A21)` போட்டு, கேட்ட வீடுகளின் எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள்.

#N/A வருவதற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு. B பத்தியை நான் சொன்னபடி வகுக்காமல், மேல் கட்டத்தோடு 0.05-ஐக் கூட்டிக்கொண்டே வந்தால், பதினெட்டாவது கட்டம் 0.9 என்று தெரிந்தாலும் உள்ளே மயிரிழை கூடுதலாக இருக்கலாம். அப்போதும் MATCH-இன் கடைசி 0-வை 1 ஆக்கினால், தேடல் 0.85 வரியிலேயே நின்று விடை 49.5 ஆகிவிடும். வகுத்தே போடுங்கள்.

அறிகுறி: வெளியான அட்டவணையிலிருந்து எடுத்தால் 25, அல்லது 56

சொந்தமாகக் கேட்டு எழுதாமல், தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவு அறிக்கையிலிருந்து எடுப்பவர்களுக்கு வரும் சிக்கல் இது. அந்த அறிக்கை மக்களை 12 வகுப்பாகப் பிரிக்கிறது. நடுவில் எல்லாம் பத்துப் பத்தாக இருக்கும். ஆனால் இரண்டு முனையிலும் ஐந்து ஐந்து: 0–5, 5–10, அப்புறம் 10–20 என்று போய், 80–90, 90–95, 95–100 என்று முடியும். இதைக் கவனிக்காதவர் இரண்டு விதமாக விழுவார்.

கடைசி வரிதானே மேல்தட்டு என்று 95–100-ஐ மட்டும் எடுத்தால், நம் ஊர்க் கணக்கில் 25 வரும். அது மேல் ஐந்து சதவீதத்தின் பங்கு, பத்து அல்ல.

இன்னொரு விதம் கொஞ்சம் நுட்பமானது. அறிக்கை தருவது ஒவ்வொரு வகுப்பின் சராசரி, பங்கு அல்ல. பன்னிரண்டு சராசரியையும் அப்படியே கூட்டி, கடைசி இரண்டை அதால் வகுத்தால் என்ன ஆகும்? நம் 20 வீட்டை அந்த 12 வகுப்பாகப் பிரித்தால் சராசரிகளின் கூட்டு 285.5, கடைசி இரண்டு 60-உம் 100-உம், 160. வகுத்தால் 56. உண்மை 40. ஐந்து சதவீத வகுப்புக்கும் பத்து சதவீத வகுப்புக்கும் ஒரே எடை கொடுத்ததால், மேலே இருக்கும் இரண்டு வீடும் நான்கு வீடு மாதிரி எண்ணப்பட்டுவிட்டன. ஒவ்வொரு சராசரியையும் அதன் வகுப்பின் அகலத்தால், 5 அல்லது 10-ஆல், பெருக்கிவிட்டு அப்புறம் கூட்டுங்கள். மொத்தச் சராசரி அறிக்கையிலேயே இருந்தால் இன்னும் எளிது: வகுப்பின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து, அகலத்தால் பெருக்கினால் பங்கு வந்துவிடும்.

2022-23 அறிக்கையில் இந்தியக் கிராமப்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு மாதச் செலவின் சராசரி 3,773 ரூபாய். மேல் ஐந்து சதவீதத்தின் சராசரி 10,501 ரூபாய். வகுத்தால் 2.78, ஐந்தால் பெருக்கினால் 13.9. ஆக, கிராமங்களில் மேல் ஐந்து சதவீத மக்கள் மொத்தச் செலவில் சுமார் 14 சதவீதம் செய்கிறார்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

அறிகுறி: விடை 28, மேல் 20 சதவீதத்தின் பங்கில் சரியாகப் பாதி

பல அட்டவணைகள் ஐந்து குழுவாகத்தான் கிடைக்கும்: கீழ் 20, 40, 60, 80, 100. நம் ஊருக்கு அப்படிக் கிடைத்தால் கையில் இருப்பது 6.5, 15.75, 27.75, 44, 100. 90 என்ற வரியே இல்லை. என்ன செய்வார்கள்? 44-க்கும் 100-க்கும் நடுப்புள்ளி 72, கழித்தால் 28. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 90-இல் படிப்பவர்களுக்கும் இதேதான் வரும்.

உண்மை 40 என்பது நமக்குத் தெரியும். 12 புள்ளி எங்கே போனது? நேர்கோடு போட்டதும், மேலே இருக்கும் நான்கு வீடும் ஒரே வருமானம் வாங்குவதாக நீங்கள் சொல்லாமல் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அவை 26, 38, 60, 100. மேலே போகப் போகத்தான் இடைவெளி பெரிதாகும். வளைகோடு கடைசியில் செங்குத்தாக ஏறும். இரண்டு புள்ளியை இணைக்கும் நேர்கோடு எப்போதும் வளைகோட்டுக்கு மேலேதான் போகும். எனவே 90-இல் படிக்கும் எண் அதிகமாகவும், கழித்து வரும் மேல்தட்டுப் பங்கு குறைவாகவும் இருக்கும். இந்தத் தப்பு ஒரே பக்கம்தான் சாயும், ஒருநாளும் அந்தப் பக்கம் போகாது. அதுவே நமக்கு உதவி: 28 என்பது விடை இல்லை, ஆனால் விடை இதற்குக் கீழே போகாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மேல் எல்லையும் அதே அட்டவணையிலேயே இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. 60-க்கும் 80-க்கும் இடையில் இருக்கும் குழு 44-இலிருந்து 27.75 போக 16.25 வாங்குகிறது. அதற்கு மேலே இருக்கும் எந்த வீடும் இந்தக் குழுவின் சராசரி வீட்டைவிடக் குறைவாக வாங்க முடியாது, வரிசை அப்படி. எனவே 80-க்கும் 90-க்கும் இடையில் இருப்பவர்களுக்குக் குறைந்தது 16.25-இல் பாதி, 8.13, போயே ஆக வேண்டும். 56-இல் அதைக் கழித்தால் 47.87. ஆக, மேல் பத்து சதவீதத்தின் பங்கு 28-க்கும் 47.9-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஐந்து குழு அட்டவணை தருவது இவ்வளவுதான். இடைவெளி பெரிதாகத் தெரிகிறதா? பெரிதுதான். அதை ஒளித்து, ஒற்றை எண்ணாக 28 என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒற்றை எண்தான் வேண்டும் என்று வழிகாட்டி பிடிவாதம் பிடித்தால், இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ சொன்ன உச்சிப் பகுதியின் வடிவத்தை நம்பி ஒரு மதிப்பீடு போடலாம். மேல் 40 சதவீதத்தின் பங்கு 72.25. அதைப் பாதியாக்கி மேல் 20-க்கு வந்தால் 56. அதாவது ஆட்களைப் பாதியாக்கியபோது பங்கில் 0.775 பாகம் மீந்தது. அடுத்த பாதிக்கும் அதே விகிதம் மீந்தால், 56-ஐ 0.775-ஆல் பெருக்கி 43.4. உண்மையான 40-க்கு 28-ஐவிட இது எவ்வளவோ கிட்டே. ஆனால் இது மதிப்பீடு; இந்த ஊரில் கொஞ்சம் கூடுதலாக வந்தது, வேறு ஊரில் குறையலாம். பரேட்டோ வடிவம் உச்சிக்கு அருகேதான் நன்றாகப் பொருந்தும், 60-ஆவது சதவீதத்திலிருந்து அதை இழுப்பது கொஞ்சம் துணிச்சல்தான். எல்லைகளையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அறிகுறி: 90 எந்த வரியிலும் விழவில்லை

எல்லா ஊரும் 20 வீடாக வந்து உட்காராது. 23 வீடு என்றால் 90 சதவீதம் என்பது 20.7 வீடு. இருபதாவது வீடு வரை குவிவுப் பங்கு 58, இருபத்தொன்றாவது வரை 63 என்று வைத்துக்கொள்வோம். இருபதாவது வரியைப் படித்து 42 என்பார் ஒருவர், அடுத்த வரியைப் படித்து 37 என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் "பத்து சதவீதம்" என்றுதான் எழுதுவார்கள், ஆனால் ஒருவர் எடுத்தது 13 சதவீத வீடு, மற்றவர் எடுத்தது 9-க்கும் கீழே.

இங்கே நேர்கோடு போடலாம். 58-உடன், 5-இல் 0.7 பாகமான 3.5-ஐக் கூட்டி 61.5, விடை 38.5. போன பகுதியில் நேர்கோட்டைத் திட்டிவிட்டு இங்கே போடச் சொல்கிறேனே என்றால், காரணம் இருக்கிறது. அங்கே கோடு வேறு வேறு வருமானம் உள்ள நான்கு வீட்டைத் தாண்டியது. இங்கே அது ஒரே வீட்டுக்குள் போகிறது. ஒரு வீட்டுக்குள் வருமானம் ஒன்றுதானே, அதனால் பிழை ஏதும் நுழையாது.

வீட்டுக்குப் பதில் ஆளைக் கணக்கிட்டால் இந்தச் சிக்கல் எப்போதும் வரும். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் 60 ஆயிரம் என்றால் தலைக்கு 7,500. தனியாக இருக்கும் ஆசிரியரின் 38 ஆயிரம் அதற்கு மேலே போய்விடும். வரிசையே மாறும். தலைவருமானத்தால் அடுக்கி, B பத்தியில் வீட்டுக்குப் பதில் ஆட்களைக் கூட்டி, மேலே சொன்ன மாதிரியே இடையில் படியுங்கள். ஒரு தாளில் வீட்டுக் கணக்கும் இன்னொரு தாளில் ஆள் கணக்கும் போட்டு ஒப்பிடாமல் இருந்தால் சரி.

அறிகுறி: கணக்கெல்லாம் சரி, ஆனால் வெளியே சொல்லும் எண்ணோடு பொருந்தவில்லை

இதுதான் கடைசியில் எல்லாரும் கேட்பது. உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022, இந்தியாவின் மேல் பத்து சதவீதம் நாட்டு வருமானத்தில் 57 சதவீதம் வாங்குவதாகச் சொல்கிறது. செலவு அறிக்கையிலிருந்து நாம் பார்த்ததோ கிராமத்தில் மேல் ஐந்துக்கு 14. இரண்டில் ஒன்று பொய்யா? இல்லை, அளப்பது வேறு. செலவு பொதுவாக வருமானத்தைவிடச் சமமாகப் பரவியிருக்கும். மாதம் லட்சம் சம்பாதிப்பவர் பத்தாயிரம் சம்பாதிப்பவரைப் போல் பத்து மடங்கு சாப்பிடுவதில்லை. மீதி வங்கிக்கும் நிலத்துக்கும் போகும், செலவுக் கணக்கில் வராது. கூடவே கிராமத்தைத் தனியாக எடுத்தால் நகரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி விட்டுப்போகும். 57 என்பதோ வருமான வரித் தகவல்களையும் சேர்த்துப் போட்டது. வருமானப் பங்கை வருமானப் பங்கோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஆனால் நேரில் கேட்டு எழுதிய மலையூர்த் தாள்களில் இன்னொரு ஓட்டை உண்டு, அது விரிதாளில் தெரியாது. சில கேள்வித்தாளில் வருமானத்துக்குக் கட்டம் போட்டிருப்பார்கள், கடைசிக் கட்டம் "50 ஆயிரத்துக்கு மேல்". நம் மேல் இரண்டு வீடும் அதில் டிக் வாங்கும். கணக்கிடும்போது அவற்றுக்கு 50, 50 என்று போட்டால் மொத்தம் 340, மேல்தட்டுப் பங்கு 29.4. 75, 75 என்று போட்டால் 38.5. அதாவது வரும் விடை ஊரைப் பற்றியது அல்ல, நாம் கடைசிக் கட்டத்துக்கு வைத்த யூகத்தைப் பற்றியது. இதற்குக் கணக்கில் மருந்து இல்லை. மலையேறிப் போய் அந்த இரண்டு வீட்டில் மட்டும் மறுபடி கேட்க வேண்டும். போன வருடம் தாள் கொண்டுவந்த அந்த மாணவி போனாள், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு நாளில் வாங்கி வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது இன்னொன்றும் சொன்னாள். "சார், ஊருக்கு மேல ஒரு பங்களா இருக்கு. பூட்டிக் கிடக்கு. தோட்டத்துக்காரங்க வெளியூர்ல இருக்காங்களாம்." அந்த ஊரில் பாதிப் பேர் கூலிக்குப் போவது அந்தத் தோட்டத்துக்குத்தான். ஊரில் விளையும் வருமானத்தில் ஒரு பெரிய பகுதி அந்த வீட்டுக்குப் போகிறது, ஆனால் கதவைத் தட்டியபோது திறக்க ஆளில்லை என்பதால் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தோட்டத்திலிருந்து மாதம் 5 லட்சம் வருவதாக, சும்மா ஒரு பேச்சுக்கு, வைத்துப் பார்த்தோம். 21 வீடு, மொத்தம் 900. 90 சதவீதம் என்பது 18.9 வீடு. பதினெட்டு வீட்டின் 240-உடன் 60-இல் 0.9 பாகமான 54-ஐக் கூட்டினால் 294. 900-இல் அது 32.7. கழித்தால் 67.3. ஒரே ஒரு பூட்டிய வீடு 40-ஐ 67 ஆக்கிவிட்டது.

அந்த 67-ஐ ஆய்வேட்டில் போடக் கூடாது என்று சொன்னேன், நாமே வைத்த எண் அது. அட்டவணையின் தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னேன்: "ஊரில் வசிக்கும் 20 வீடுகளின் வருமானத்தில் மேல் பத்து சதவீதத்தின் பங்கு: 40". அதற்குக் கீழே ஒரு வரி, தோட்ட உரிமையாளர் வீடு சேர்க்கப்படவில்லை என்று. பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே, பட்டியலில் எட்டாவது வரியைக் காட்டினாள். 10 ஆயிரம். "இவர்தான் சார் அந்த பங்களாவுக்குக் காவல்காரர்."